ஜெபச் சீட்டில் நோயின் பெயர் வேண்டாம்

கையில் வேதாகமத்தோடு ஒருவர் வார்டுக்குள் நுழைந்தால் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் முகம் மாறிவிடும். யாராவது ஒருவர் எழுந்து வராந்தாவுக்கு வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்பார். “டாக்டர் ஏதாவது சொல்லி அனுப்பினாங்களா ஐயா? எங்ககிட்ட எதையாவது மறைக்கிறாங்களா?”

தமிழ்நாட்டு மிஷன் மருத்துவமனை ஒன்றில் போதகராக வேலை பார்க்கிறேன். நோயாளி அட்மிட் ஆகும்போது குடும்பத்தார் கையில் ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கொடுக்கிறோம். போதகர் எப்போது வருவார், அவரிடம் சொல்வது எங்கே போகும், ஜெபம் வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்பதெல்லாம் அதில் இருக்கும். அட்மிஷன் பதற்றத்தில் அந்தத் தாளை யாரும் நிதானமாகப் படிப்பதில்லை. பில், ஸ்கேன் சீட்டு, ரத்தம் கொடுக்க ஆள் தேடும் கவலை எல்லாவற்றுக்கும் நடுவே அது பையின் அடியில் போய்விடும். அந்த ஒரு பக்கத்தில் அடங்காத விஷயங்களும் உண்டு. அவற்றை இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. நான் வருவதற்கும் நோயின் நிலைமைக்கும் சம்பந்தம் இல்லை. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனுக்கு வந்த பையனையும் பார்க்கிறேன், பிரசவ வார்டுக்கும் போகிறேன். டாக்டர் கைவிட்ட பிறகு கடைசியாக அனுப்பப்படுகிறவர் போதகர் என்ற எண்ணம் சினிமாவிலிருந்தும் பழைய கதைகளிலிருந்தும் வந்தது. பெரும்பாலான நாட்களில் நான் வார்டின் முதல் கட்டிலிலிருந்து தொடங்கிக் கடைசிக் கட்டில் வரை போகிறேன், அவ்வளவுதான். யாராவது குறிப்பாக அழைத்து வந்திருந்தால், அழைத்தவர் யார் என்பதை நோயாளியிடம் மறைக்காமல் சொல்லிவிடுவேன்.

இன்னொரு சந்தேகத்தைப் பலர் வாய்விட்டுக் கேட்பதில்லை. இந்து குடும்பங்களுக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் அது மனதில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். மதம் மாற்ற வருகிறாரோ என்பதுதான் அது. மாட்டேன். படுத்திருக்கிறவர் எழுந்து போக முடியாதவர். அவருடைய வலியையும் பயத்தையும் பயன்படுத்தி ஒரு நம்பிக்கையை அவர் மேல் ஏற்றுவது, என் நம்பிக்கையின்படியே தப்பு. நீங்கள் “வேண்டாம்” என்று சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். காரணம் கேட்கமாட்டேன். அதனால் உங்கள் சிகிச்சையில் எந்த மாற்றமும் வராது. உங்கள் ஊர்ப் பூசாரியோ இமாமோ குருக்களோ வரவேண்டுமென்றால், பாஸ் வாங்கித் தந்து வார்டு வரை கூட்டிவருவதும் என் வேலைதான். மருத்துவமனைகளுக்கான என்ஏபிஎச் தர அங்கீகார விதிகளும், நோயாளியின் ஆன்மிகத் தேவைகளையும் பண்பாட்டுத் தேவைகளையும் மதிக்க வேண்டும் என்று அவருடைய உரிமைகளின் வரிசையில் சேர்த்தே சொல்கின்றன.

நாங்கள் வருவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் டியூட்டி சிஸ்டரைப் பார்ப்போம். யாருக்கு டிரெஸ்ஸிங் நடக்கிறது, யார் ராத்திரி முழுக்கத் தூங்காமல் இப்போதுதான் கண் அயர்ந்தார், எந்தக் கட்டிலுக்குக் கவுன் போட்டுக்கொண்டு போகவேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். டாக்டர்களின் ரவுண்ட்ஸ் முடிந்த பிறகுதான் உள்ளே போவோம். ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்பும் பின்பும் கையைச் சுத்தம் செய்துகொள்வோம். நாற்காலி இருந்தால் உட்கார்ந்துகொள்வோம். நின்றுகொண்டே பேசுகிறவர் எப்போது கிளம்புவாரோ என்று நோயாளி பார்த்துக்கொண்டிருப்பார், உட்கார்ந்தவரிடம்தான் மனம் விட்டுப் பேசுவார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம் போதும். ஆபரேஷன் முடிந்து வந்தவருக்கு இரண்டு நிமிடமே அதிகம்.

ஐசியு வேறு மாதிரி. அங்கே வாயில் குழாய் இருக்கும், பேச முடியாது. பேரைச் சொல்லி அழைத்து, நான் யார் என்று சொல்லி, “ஜெபம் பண்ணலாமா? வேண்டும்னா என் கையை அழுத்துங்க” என்பேன். கை அழுத்தாவிட்டால் ஜெபிக்கமாட்டேன், கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு வருவேன். நினைவே இல்லாதவர் என்றால் குடும்பத்தாரிடம் கேட்பேன். அப்போதும் என் கேள்வி, “நீங்க என்ன விரும்புறீங்க?” என்பதல்ல. “அவர் நல்லா இருக்கும்போது இதை விரும்புவாரா?” என்பதுதான். கோயிலுக்கோ சர்ச்சுக்கோ வாழ்நாளெல்லாம் போகாத அப்பாவுக்கு, பிள்ளைகள் அழுதுகொண்டே ஜெபம் கேட்பார்கள். அப்போது பிள்ளைகளோடு வெளியே உட்கார்ந்து பிள்ளைகளுக்காக ஜெபிப்பேன். அப்பாவின் தலைமேல் கை வைக்கமாட்டேன்.

எதை உள்ளே கொண்டுவரலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் ஓடும் இடத்தில் மெழுகுவத்தி, ஊதுவத்தி, கற்பூரம் எதுவும் ஏற்றக்கூடாது. எண்ணெயும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்க ஏதுவாகும். அதனால் மாஸ்க் போட்டவருக்கு எண்ணெய் பூசவேண்டுமென்றால் முகத்தில் பூசாமல் கையில் ஒரு துளி பூசுவோம். தீர்த்தமோ, ஜம்ஜம் தண்ணீரோ, திருவிருந்து அப்பமோ எதுவாக இருந்தாலும், ‘வாய்வழி எதுவும் கொடுக்கக்கூடாது’ என்று போர்டு தொங்கினால் ஒரு சொட்டுகூடக் கொடுக்கக்கூடாது. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து உண்டு. சிஸ்டரிடம் கேளுங்கள், எப்போது கொடுக்கலாம் என்று சொல்வார். தாயத்து, கயிறு, சிலுவைச் சங்கிலி எல்லாவற்றையும் ஆபரேஷனுக்கு முன் கழற்றச் சொல்வார்கள். கழற்றியதை ஒரு உறையில் போட்டுப் பேர் எழுதிக் குடும்பத்தாரில் ஒருவர் வைத்துக்கொள்ளுங்கள். தியேட்டரிலிருந்து வந்ததும் நோயாளியின் கை முதலில் அதைத்தான் தேடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். போதகரிடம் சொல்வது யாருக்குச் சொந்தம்?

சொன்னவருக்குச் சொந்தம். இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் குடும்பத்தாருக்கு இது உறைப்பது கஷ்டம். நோயாளி என்னிடம் சொன்னதை உங்களிடம் சொல்லமாட்டேன். நீங்கள் மனைவியாக இருக்கலாம், மூத்த மகனாக இருக்கலாம், பில் கட்டுகிறவராக இருக்கலாம், யாராக இருந்தாலும் இதுதான் நிலை. அதேபோல நீங்கள் வராந்தாவில் அழுதுகொண்டே சொன்னதைக் கட்டிலருகே கொண்டுபோகவும் மாட்டேன். நம் வீடுகளில் நோய் என்பது ஒருவருடையது இல்லை, குடும்பத்தினுடையது. அது நம் பலமும்தான், ராத்திரி முழுக்கத் தரையில் துணி விரித்துப் படுத்துக் காவல் இருப்பது அதனால்தான். ஆனால் அதே காரணத்தால், படுத்திருப்பவருக்குத் தனியாகப் பேச ஒரு ஆள் கிடைக்காமலும் போகிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பல குடும்பங்களில் பார்த்ததைச் சேர்த்து, ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.

கிராமத்திலிருந்து வந்த ஒரு அம்மா, அறுபதை நெருங்கும் வயது. வயிற்றில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. மகள் என்னை வார்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார். “அம்மாவுக்கு அல்சர்னுதான் சொல்லி வெச்சிருக்கோம் ஐயா. நல்லா ஜெபம் பண்ணுங்க. ஆனா கேன்சர்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. அம்மா தாங்கமாட்டாங்க.”

நான் மகளிடம் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, நோயின் பெயரை நான் சொல்லமாட்டேன், அது டாக்டரின் வேலை. இரண்டு, அம்மாவே என்னிடம் நேராகக் கேட்டால், “அல்சர்தாம்மா” என்று பொய்யும் சொல்லமாட்டேன். இந்த இரண்டாவதை முன்னாடியே சொல்லிவிடுவது அவசியம். அதைக் கேட்டுவிட்டு மகள் “அப்படின்னா வேண்டாம் ஐயா” என்று என்னைத் திருப்பி அனுப்பலாம். ஆனால் அம்மாவுக்கு நினைவு தெளிவாக இருக்கிறது, அவரும் என்னைப் பார்க்க விருப்பமா என்று சிஸ்டர் மூலம் கேட்டுக்கொள்வேன்.

உள்ளே போகிறோம். அம்மா கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசுகிறார். பிறகு மகளைப் பார்த்து, “ஃபிளாஸ்க்ல வெந்நீர் பிடிச்சுட்டு வாம்மா” என்கிறார். மகள் போனதும் குரல் மாறுகிறது.

“எனக்குத் தெரியும் ஐயா. அல்சருக்கா இந்த வார்டுல போடுவாங்க? பக்கத்து பெட்காரி முடியெல்லாம் கொட்டிக் கிடக்கா. பிள்ளைங்க தாங்கமாட்டாங்கன்னுதான் தெரியாத மாதிரி இருக்கேன். பெரியவன் வரட்டும். அவன்கிட்ட வீட்டுப் பத்திரம் விஷயம் பேசணும்.”

அம்மா பிள்ளைகளைக் காப்பாற்றுகிறார், பிள்ளைகள் அம்மாவைக் காப்பாற்றுகிறார்கள். நடுவில் சொல்லவேண்டியது எதுவும் சொல்லப்படாமல் நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன. இப்போது எனக்கு இரண்டு பேரின் ரகசியமும் தெரியும். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் உடைத்துவிடலாம், உடைத்தால் நல்லது நடக்கும் என்றுகூடத் தோன்றும். ஆனால் அது என்னுடையது இல்லை. அம்மாவிடம் நான் கேட்பது இதுதான்: “இதை மககிட்ட நீங்களே சொல்றீங்களா அம்மா? நான் கூட இருக்கணுமா? டாக்டர்கிட்ட நேரா கேக்கணும்னு ஆசை இருக்கா? அதை நான் டாக்டருக்குச் சொல்லலாமா?” நான்கு கேள்விகளுக்கும் பதில் வேறு வேறாக இருக்கும். இந்த அம்மா சொன்னது: மகன் வரும்வரை மகளிடம் வேண்டாம். டாக்டரிடம் சொல்லலாம்.

ஆகவே கேஸ் ஷீட்டில் நான் எழுதுவது ஒரு வரி. ‘போதகர் சந்தித்தார். நோயாளி தன் நோயைப் பற்றி டாக்டரிடம் தனியாகப் பேச விரும்புகிறார்.’ அவ்வளவுதான். வீட்டுப் பத்திரம் அதில் வராது. பெரிய மகன் வராது. கண்ணீர் வராது. கேஸ் ஷீட்டைப் பலர் படிப்பார்கள், சிகிச்சைக்குத் தேவையானது மட்டும் அதில் இருக்கவேண்டும்.

வெந்நீரோடு திரும்பிய மகள் வாசலில் மறுபடியும் பிடித்துக்கொள்கிறார். “அம்மா என்ன சொன்னாங்க?” என் பதில்: “அம்மா பேசினதை அம்மாதான் உங்ககிட்ட சொல்லணும். இன்னிக்குச் சாயங்காலம் சொந்தக்காரங்க யாரும் இல்லாத நேரமா பாத்து, பக்கத்துல உக்காந்து, ‘என்னம்மா பயமா இருக்கா?’ன்னு மட்டும் கேளுங்க. கேட்டுட்டு, நீங்க பேசாம இருங்க.” மகளுக்கு என்மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். மகளுக்கு இன்று அம்மாவின் ரகசியத்தைச் சொல்லிவிடும் போதகர், நாளை மகளின் ரகசியத்தையும் இன்னொருவருக்குச் சொல்வார்.

மொழியும் இதில் சிக்கலாகும். தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகளுக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் ஏராளமானவர்கள் வருகிறார்கள். மகனே மொழிபெயர்த்தால், மகன் காதில் விழக்கூடாதது எதையும் அப்பா பேச முடியாது. அதனால் அந்த மொழி தெரிந்த ஊழியர் ஒருவரை வைத்துப் பேச முயற்சி செய்கிறோம், அவரும் இதே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர். “மகன் இருக்கும்போது எதுக்கு இன்னொருத்தர்?” என்று வருத்தப்படவேண்டாம்.

இந்த ரகசியக் காப்புக்கு எல்லை உண்டு. அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவது நேர்மை. ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாகச் சொன்னால் நான் வாய்மூடி இருக்கமாட்டேன். அவரிடம் சொல்லிவிட்டே சிஸ்டரையும் டாக்டரையும் கூப்பிடுவேன். குழந்தை மீது பாலியல் கொடுமை நடந்திருப்பது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. போதகருக்கு அதில் விலக்கு இல்லை. நீதிமன்றத்தைப் பொறுத்தவரையிலும் அப்படித்தான். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதற்குச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. போதகரிடம் சொன்னதற்கு அப்படியொரு பாதுகாப்பு 1872-ஆம் ஆண்டின் பழைய சட்டத்திலும் இருந்ததில்லை, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இல்லை. கத்தோலிக்கக் குரு பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் காரணத்துக்காகவும் வெளியிடக்கூடாது என்பது அந்தத் திருச்சபையின் சட்டம். நாட்டின் சட்டமும் அதுவும் வேறு வேறு. இந்தச் சந்தர்ப்பங்கள் அபூர்வமாகவே வரும், ஆனால் “யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?” என்று ஒருவர் கேட்கும்போது, நிபந்தனையே இல்லாமல் தலையாட்டிவிடக்கூடாது.

எங்களுக்குப் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும், ஏனென்றால் அதிலும் உங்கள் பேச்சு சம்பந்தப்படுகிறது. போதகர்களை மருத்துவமனைக்குள்ளேயே வைத்துப் பயிற்றுவிக்கும் முறையை 1925-இல் அமெரிக்காவின் வொர்ஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில் ஆன்டன் பாய்சன் என்ற போதகர் தொடங்கினார். அவரே முன்பு மனநோயால் மருத்துவமனையில் இருந்தவர். புத்தகத்தை மட்டும் படித்தால் போதாது, நோயாளியிடமிருந்தே கற்றுக்கொள்ளவேண்டும் என்பது அவர் வாதம். அந்த வழியில் வந்த பயிற்சியில், மாணவர் ஒரு சந்திப்பு முடிந்ததும் நடந்த உரையாடலை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதவேண்டும். எங்கே அவசரப்பட்டு ஆறுதல் சொன்னார், எங்கே நோயாளி சொல்ல வந்ததைக் கேட்காமல் ஜெபத்துக்குத் தாவினார் என்று ஆசிரியரும் சக மாணவர்களும் சேர்ந்து பார்ப்பார்கள். அப்படி எழுதும்போது பேர், ஊர், கட்டில் எண் எதுவும் இருக்கக்கூடாது. உங்கள் கட்டிலுக்குப் பயிற்சி மாணவர் வந்தால் அவர் மாணவர் என்று சொல்லித்தான் அறிமுகம் செய்துகொள்ளவேண்டும். வேண்டாம் என்றால் அவரையும் நீங்கள் அனுப்பிவிடலாம்.

ரகசியம் பெரும்பாலும் போதகரிடமிருந்து வெளியே போவதில்லை. ஜெப விண்ணப்பத்தின் வழியாகத்தான் போகிறது. இதைச் செய்வது அன்புள்ளவர்கள்தான், அதனால்தான் யாருக்கும் உறைப்பதில்லை.

மருத்துவமனைச் சிற்றாலய வாசலில் ஒரு பெட்டி இருக்கும், பக்கத்தில் சின்னச் சீட்டுகள் இருக்கும். எந்த மதத்தவரும் எழுதிப் போடலாம். அந்த மகள் எழுதிய சீட்டில் என்ன இருக்கும் என்று பாருங்கள். அம்மாவின் முழுப் பெயர், அப்பா பெயர், ஊர், வார்டு, கட்டில் எண், வயிற்றுப் புற்றுநோய், ஈரலுக்குப் பரவிவிட்டது, அம்மாவுக்குத் தெரியாது, தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கடவுளுக்கு எல்லா விவரமும் சொல்லவேண்டும் என்ற ஆவல். ஆனால் அதைப் படிக்கப்போவது மனிதர்கள். காலை ஜெபத்துக்கு வரும் ஊழியர்கள் இருப்பார்கள், பக்கத்துக் கட்டில்காரரின் உறவினரும் வந்து உட்கார்ந்திருப்பார். அதே வரிகளை மகள் ஊர்ச் சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டிருப்பார். அங்கிருந்து இன்னொரு குழுவுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை மைக்கில் அறிவிப்பாக வரும். அம்மாவுக்கு நோயின் பெயர் ‘தெரியாது’, ஆனால் ஊருக்கே தெரியும். அம்மாவைப் பார்க்க வரும் சித்தி கட்டிலருகே தலையில் அடித்துக்கொண்டு அழுவார். தம்பிக்குப் பெண் பார்க்கும் இடத்தில், “அது பரம்பரையா வருமாமே” என்ற பேச்சு எழும். பிறகு எதையும் திரும்ப வாங்க முடியாது.

அதனால் எங்கள் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறோம்: பெயர் மட்டும் போதும். அதுவும் வீட்டில் கூப்பிடும் பெயரோ முதல் எழுத்தோ போதும். நோயின் பெயர் வேண்டாம், வார்டும் கட்டிலும் வேண்டாம். போதகர் நேரில் வரவேண்டும் என்றால் மட்டும் வார்டைத் தனியாக, மடித்த சீட்டில் எழுதுங்கள், அது வாசிக்கப்படாது. எச்ஐவி என்றால் எந்தச் சீட்டிலும் எழுதவே கூடாது. ஒருவர் நம்பிச் சொன்ன எச்ஐவி நிலையை அவருடைய சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. அது ஜெபத்துக்காகச் சொன்னாலும் பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நோயாளியிடம் கேளுங்கள். பொதுவில் ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். எதற்காக ஜெபிக்கவேண்டும் என்றும் கேளுங்கள். நாம் நினைப்பது ஒன்று, அவர்கள் வேண்டுவது இன்னொன்று. அந்த அம்மாவிடம் கேட்டபோது புற்றுநோய் குணமாகவேண்டும் என்று அவர் சொல்லவில்லை. “இந்த வாந்தி நிக்கணும் ஐயா. பெரியவன் வர்ற வரைக்கும் எனக்குப் பேச்சு இருக்கணும்.” சீட்டில் அதுதான் எழுதப்பட்டது. வீட்டில் கூப்பிடும் பெயர், அதன் கீழே ‘சாப்பிட்டது தங்கவேண்டும், மகனோடு பேசப் பெலன் வேண்டும்’. யார் படித்தாலும் ஜெபிக்கப் போதுமான அளவுக்கு அதில் இருக்கிறது, யாரும் வெளியே கொண்டுபோக எதுவும் இல்லை. வாந்தி விஷயத்தை அம்மா சம்மதத்தோடு சிஸ்டரிடமும் சொன்னேன், ஏனென்றால் வாந்திக்கு மருந்தும் உண்டு.

ஜெபத்தைப் பற்றி நோயாளிக்கு எப்படித் தெரிவிப்பது என்பதும் யோசிக்கவேண்டிய விஷயம். 2006-இல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் ஒரு பெரிய ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்ட 1,802 பேர் அதில் இருந்தார்கள். ஜெபக் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டது நோயாளியின் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதல் எழுத்தும் மட்டுமே. ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி தொடங்கி 14 நாட்கள் ஜெபித்தார்கள். ஒரு பிரிவினரிடம், “உங்களுக்காக ஜெபிக்கலாம், ஜெபிக்காமலும் இருக்கலாம்” என்று சொல்லப்பட்டது. அவர்களில் ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதம் பேருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதம் பேருக்கும் ஏதாவது ஒரு சிக்கல் வந்தது. இரண்டும் ஏறக்குறைய சமம். “உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறோம்” என்று சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது.

இது தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். ‘ஜெபக் குழுவைக் கூப்பிடும் அளவுக்கா என் நிலைமை மோசம்?’ என்ற பயம் காரணமாக இருக்குமோ என்ற யோசனையும் முன்வைக்கப்பட்டது. கடவுளை அளக்க இந்த எண்கள் உதவாது என்பது என் எண்ணம். ஆனால் அந்தப் பயத்தை நான் வார்டில் தினமும் பார்க்கிறேன். “ஊர்ல முந்நூறு பேர் உனக்காக உபவாசம் இருக்காங்க” என்று ஆபரேஷனுக்கு முந்தின நாள் சொன்னால், சிலருக்குத் தெம்பு வரும், சிலருக்கு வயிற்றைக் கலக்கும். யாருக்கு எது என்று உங்களுக்குத்தான் தெரியும். ஜெபத்தால் மருந்தின் வேலை முடிந்துவிடும் என்று யாராவது வார்டில் வந்து சொன்னால், மாத்திரையை நிறுத்தச் சொன்னால், உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள். அப்படிச் சொல்கிறவர் எங்கள் பிரிவைச் சேர்ந்தவர் இல்லை.

எங்களை எப்படிக் கூப்பிடுவது? பகலில் வார்டு சிஸ்டரிடம் சொன்னால் போதும். ராத்திரியிலும் ஒருவர் டியூட்டியில் இருப்பார், சிஸ்டர்தான் போன் செய்வார். சொல்லும்போது ‘இப்போதே வேண்டும்’ என்றா ‘நாளைக்கு வந்தால் போதும்’ என்றா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். மூச்சு வாங்குகிறது, டாக்டர் குடும்பத்தாரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார் என்றால் தயங்காமல் ‘இப்போதே’ என்று சொல்லுங்கள். ராத்திரி எழுப்புகிறோமே என்று கூச்சப்பட்டு விடியும்வரை காத்திருந்து, அதற்குள் எல்லாம் முடிந்துபோன குடும்பங்கள் உண்டு. கத்தோலிக்கர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நோயில் பூசுதலை அவர்கள் முறைப்படி குருவானவர் மட்டுமே செய்யமுடியும், நான் செய்தால் செல்லாது. பங்கிலிருந்து குருவானவர் வர நேரம் எடுக்கும்.

பெட்டியில் விழும் சீட்டுகளை வாரக் கடைசியில் கிழித்து அழித்துவிடுகிறோம். ஜெபம் தொடரவேண்டுமென்றால் மறுபடியும் எழுதிப் போடுங்கள். வீட்டுக்குப் போகும்போது, போகிற அவசரத்தில் ஒரு வார்த்தை சிஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பட்டியலிலிருந்து பெயரை எடுக்கவேண்டும். ஊர்ச் சபையில் சொல்லியிருந்தால் அங்கேயும் எடுக்கச் சொல்லுங்கள். குணமாகி வயல் வேலைக்குப் போய்விட்டவரின் பெயரை ஆறு மாதம் கழித்தும் மைக்கில் நோயாளியாக வாசிப்பது நடக்கிறது. இறந்துபோனவரின் பெயரைச் சுகத்துக்காக வாசிப்பதும் நடக்கிறது, அதைக் கேட்டுக்கொண்டு அவருடைய மனைவி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.